விலை குறைந்துவிட்டது, கோடு இன்னும் நெளிகிறது

என்னிடம் இருக்கும் டேப்லெட்டின் விலை இந்த மாதம் நன்றாகக் குறைந்திருக்கிறது. "வாங்கலாமாடா?" என்று நண்பன் கேட்டான். இரண்டரை வருடமாக இதில்தான் அனிமேஷனை ஃபிரேம் ஃபிரேமாக வரைகிறேன். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

ரஃப் போடுவதற்கு இதைவிடச் சுகமான ஒன்றை நான் தொட்டதில்லை. போன வாரம், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவரை நடக்கவிட்டேன். நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நிற்கும். ஓர் அடிக்கு 12 ஃபிரேம் கொடுத்தபோது பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தார். 16 ஆக்கியதும் நடையில் வயது வந்துவிட்டது. 1ஆம் ஃபிரேமில் குதிகால் தரையைத் தொடும். 5இல் எடை இறங்கி முட்டி மடங்கும். 9இல் ஒரு கால் மற்றதைக் கடக்கும். 13இல் உடம்பு எழும்பும். 17இல் மறுகால் தரைக்கு வரும். இரண்டு அடிக்கு மொத்தம் 16 படம். 33 என்பது மறுபடியும் 1தான். அதையும் வரைந்து சேர்த்தால் சுற்று திரும்பும் இடத்தில் நடை தட்டும். தரையில் சம இடைவெளியில் புள்ளி வைத்து, முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னைப் போட்டுப் பார்த்தால் ஊன்றிய கால் எங்கே சறுக்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது.

அப்புறம் ரஃப்பின் மேல் சுத்தமாக இழுக்கும் கிளீன் லைன். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. மெதுவாக ஒரு சாய்கோடு இழுத்தால், கை நடுங்காமலே கோடு சின்னச் சின்ன அலையாக நெளிகிறது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சென்சார் கட்டங்களுக்கு நடுவே பேனா எங்கே இருக்கிறது என்பதைக் கருவி கணித்துத்தான் சொல்கிறது; அந்தக் கணிப்பின் பிழைதான் அலையாக விழுகிறது. ஒற்றைப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 16 படத்தை ஓடவிட்டால் ஒவ்வொன்றிலும் அலை வேறு வேறு இடத்தில் விழுவதால், பெரியவரின் முழங்காலுக்குக் கீழே கோடு கொதிக்கிற மாதிரி துடிக்கிறது. கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரை ஏற்றினால் அலை போய்விடும், கூடவே குதிகாலின் கூர்மையும் மழுங்கிப்போகும். வேகமாக இழுத்தாலும் அலை குறையும், ஆனால் கணுக்கால் வளைவை வேகமாக இழுக்க முடியாது.

கடைசியில் கைகொடுத்தது ஒன்றுதான்: நீளமான கோடு திரையில் நெட்டுக்குத்தாக வரும்படி ஒவ்வொரு முறையும் கேன்வாஸைத் திருப்பிக்கொள்வது. கட்டத்தின் திசையிலேயே போகும் கோட்டில் அலை குறைவு. 16 படத்திலும் கால், கை, வேட்டி மடிப்பு என்று திருப்பித் திருப்பி வரைந்ததில் மூன்று நாள் போய்விட்டது.

ரஃப், டைமிங் இரண்டுக்கும் இது அருமையான கருவி, அதில் மாற்றமே இல்லை. ஆனாலும் "வாங்காதே" என்றுதான் அவனிடம் சொன்னேன். கிளீன் லைன் முழுவதையும் இதிலேயே முடிக்க வேண்டியவன் அவன். பிடிவாதமாக வாங்கத்தான் போகிறான் என்றால், கடைக்கு ஒரு ஸ்கேலை எடுத்துப் போகட்டும். அதைத் திரைமேல் 45 டிகிரி சாய்வில் வைத்து, ஓரமாகப் பேனாவை மிக மெதுவாக இழுத்து, கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும்.