ஆர்எக்ஸ் 100-உடன் பதினேழு வருஷம்: சைடு மிரரில் புகை காணாமல் போன நாள்

என்னிடம் இரண்டு வண்டி இருக்கிறது. 2008-ல் பழசாக வாங்கிய 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று, வீட்டுக் காரியத்துக்கு ஒரு ஸ்ப்ளெண்டர். இரண்டுமே நூறு சிசிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஆர்எக்ஸ் 11 குதிரைத்திறன் தரும், ஸ்ப்ளெண்டர் ஏழரையை ஒட்டித்தான். ஆர்எக்ஸில் எனக்கு லிட்டருக்கு 38 கிலோமீட்டர் கிடைத்தால் அது நல்ல மாசம். ஸ்ப்ளெண்டர் அலட்டிக்கொள்ளாமல் 60 தாண்டும். டூ ஸ்ட்ரோக்கான ஆர்எக்ஸுக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கான ஸ்ப்ளெண்டருக்கும் இதுதான் வித்தியாசம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆயில் விஷயத்தை என் வண்டிதான் எனக்குச் செலவு வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

வாங்கி இரண்டாவது வருஷம். சைடு மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஆயில் டேங்க் அடியில் கறுப்பாகக் கசடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்கைக் கழற்றி, பெட்ரோல் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து மாட்டினேன். டூ ஸ்ட்ரோக்குக்கான புது 2டி ஆயிலைக் கழுத்துவரை ஊற்றினேன். மறுநாள் காலை நாமக்கல்லில் இருந்து ராசிபுரம் கிளம்பினேன். பைபாஸில் எழுபதில் போகிறேன். வழக்கமாகக் கண்ணாடியில் தெரியும் நீலப் புகை அன்று இல்லை. டேங்கைக் கழுவியதில் வண்டி சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷம் வேறு. புதுச்சத்திரம் தாண்டியதும் யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் இறங்கியது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்னும் மோசம். 'கிர்ர்' என்று ஒரு சத்தம், பின் சக்கரம் இறுகி ரோட்டில் தேய்ந்தது. எப்படியோ கை தானாகக் கிளட்சைப் பிடித்துவிட்டது. அதனால்தான் விழவில்லை.

ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகு கிக்கர் இறங்கியது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரு பட்டறையில் விட்டேன். அங்கிருந்த அண்ணன் ஹெட்டையும், பிஸ்டன் ஓடும் உருளையான போரையும் கழற்றி பிஸ்டனைக் கையில் கொடுத்தார். பக்கவாட்டில் பூனை பிராண்டியதுபோல நெடுகக் கோடுகள். போர் சுவரில் அலுமினியம் ஒட்டியிருந்தது.

"டேங்க் கழட்டுனீங்களா தம்பி?"

"ஆமாண்ணே, ஆயில் ஃபுல்லாத்தானே இருக்கு?"

"டேங்க்ல இருக்கு. இஞ்சினுக்குப் போகலையே. ட்யூப்ல காத்து நிக்குது."

ஸ்ப்ளெண்டரில் கிராங்க் சுற்றும் அறை மூடிய அறை. அதன் அடியில் ஆயில் கிடக்கும், ஒரு பம்ப் அதையே எடுத்து எடுத்து மேலே அனுப்பும், அது வழிந்து திரும்ப அடிக்கே வரும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அந்தப் பக்கமே போகாது. வால்வு வழியாக நேராகப் பிஸ்டனுக்கு மேலே போய், எரிந்து, வெளியேறும். இதற்குக் கிராங்க் இரண்டு சுற்று ஆகும்.

ஆர்எக்ஸில் ஸ்ப்ளெண்டர் மாதிரி ஹெட்டில் வால்வு கிடையாது. அந்தக் கிராங்க் அறைதான் காற்றடிக்கும் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறைக்குள் இழுக்கப்படும், கீழே இறங்கும்போது அமுக்கப்பட்டு போரின் பக்கத்து ஓட்டைகள் வழியாக மேலே ஏறும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, அதனால்தான் அந்த இழுவை. ஆனால் பெட்ரோல் போகிற வழியில் ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது, அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் தனி டேங்கில் இருந்து ஒரு சின்ன ஆயில் பம்ப் தள்ளும் ஆயில், பெட்ரோலோடு துளித்துளியாக வந்து, பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, எரிந்து சைலன்சர் வழியாகப் போக வேண்டும். எனக்கு அன்று காணாமல் போனது அந்த ஆயிலின் புகைதான். ஸ்ப்ளெண்டரில் நீலப் புகை வந்தால் ரிங் போச்சு என்று பயப்படணும். டூ ஸ்ட்ரோக்கில் வந்துகொண்டிருந்த புகை திடீரென நின்றால்தான் பயப்படணும்.

போர் அளவு 50 மில்லிமீட்டர். கோடு ஆழமாக விழுந்ததால் லேத்தில் கொடுத்து 50.50-க்குப் பெரிதாக்கிப் போர் அடித்து, அதற்கேற்ற பிஸ்டன், ரிங் போட்டோம். டேங்கைக் கழற்றினால் ஆயில் பம்பில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை வழியவிட்டு இறுக்க வேண்டும். நான் செய்யாமல் விட்டது இந்த ஐந்து நிமிஷ வேலையைத்தான். பம்பில் இருந்து கார்ப்பரேட்டர் பக்கம் போகும் மெல்லிய ட்யூபிலும் காற்று இருக்கும் என்பதால், முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் கையாலேயே 20 மில்லி ஆயில் கலந்துவிடுவது இப்போது என் வழக்கம்.

"பம்பைப் பிடுங்கிப் போட்டுட்டு பெட்ரோல்லயே கலந்துக்க" என்று சொல்லாத ஆளில்லை. எக்ஸ்எல் சூப்பர் வைத்திருந்தவர்கள் பங்கில் அப்படித்தானே ஊற்றினார்கள், லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ஒன்றுக்கு ஐம்பது. அதில் தப்பில்லை. ஆனாலும் நான் பம்பை விடவில்லை. காரணம் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஆக்சிலேட்டரை மூடி, கியரில் பிடித்து இறங்குகிறோம் என்று வையுங்கள். இஞ்சின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் ஏறக்குறைய போகாது. கலந்த வண்டியில் பெட்ரோல் இல்லை என்றால் ஆயிலும் இல்லை. கலந்து ஓட்டும் என் நண்பன் இறங்கும்போது நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டே வருவான். பம்ப் அப்படியில்லை. அது கிராங்க் சுற்றில் ஓடுவதால் ஆக்சிலேட்டர் மூடியிருந்தாலும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும், முறுக்கினால் கேபிள் இழுத்து அதிகம் தள்ளும். அந்தக் கேபிள் நாளடைவில் தளரும் என்பதால் பம்பில் உள்ள மார்க் சரியாக நிற்கிறதா என்று ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

பயத்தில் நான் செய்த இன்னொரு முட்டாள்தனம்: போர் அடித்த புதிதில், பம்ப் தருவது போதாதென்று லிட்டருக்கு 50 மில்லி பெட்ரோலிலும் கலந்தேன். வாரத்துக்கு ஒரு பிளக் கறுத்துப்போய் நின்றது, சைலன்சர் நுனியில் தார் மாதிரி ஒழுகியது. அதைவிட முக்கியம், கார்ப்பரேட்டர் ஜெட் வழியாக ஆயில் அதிகம் போனால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். கலவை மெலிந்து இஞ்சின் இன்னும் சூடாகும். இன்னொருவர் மிச்சமிருந்த 20டபிள்யூ-40 ஆயிலைத் தன் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றினார். அது ஃபோர் ஸ்ட்ரோக்குக்குள் சுற்றிக்கொண்டிருப்பதற்காகத் தயாரித்த ஆயில், எரிவதற்கில்லை. எரிந்தால் சாம்பல் பிளக்கில் படியும்.

ஆர்எக்ஸில் கியர் ஆயில் தனி, அது எரியக் கூடாது. ஆனால் இரண்டு மாசமாக என் வண்டியில் அது குறைகிறது, கீழே ஒழுகல் இல்லை, காலையில் புகை மட்டும் வெள்ளையாக அடர்ந்து வருகிறது. கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் தேய்ந்து, கிராங்க் அறை கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. சீல் வாங்கி வைத்துவிட்டேன், வரும் ஞாயிற்றுக்கிழமை இஞ்சினை இறக்கணும்.