ஸ்ட்ரோக் அலர்ட் மெசேஜிலிருந்து நேரப் பதிவேடு: இரண்டு வருட அனுபவம்

எங்கள் அவசரப் பிரிவில் பக்கவாத நோயாளி வந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் அலர்ட் போகும். மாதாந்திரத் தர ஆய்வுக்கு அந்த மெசேஜ்களை எக்செல் பதிவேடாக மாற்றுவது என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு மேல் செய்துவருகிறேன்.

மெசேஜ் வந்த நேரம் வேறு, காரியம் நடந்த நேரம் வேறு. ஒரு கேஸைப் பாருங்கள் (அடையாளம் தெரியாதபடி நேரங்களை மாற்றியிருக்கிறேன்). குரூப்பில் 10:05-க்கு அலர்ட், 10:20-க்கு "சி.டி. முடிஞ்சது", 10:50-க்கு "டெனெக்டெப்ளேஸ் போட்டாச்சு". இதை அப்படியே எடுத்தால் ஸ்கேனுக்கு 15 நிமிடம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் அந்த மருந்துக்கு 45 நிமிடம்.

ஆனால் நோயாளியை முதலில் பார்த்துப் பிரிக்கும் ட்ரையாஜ் பதிவேட்டில் அவர் வந்தது 9:52. அலர்ட் போகவே 13 நிமிடம் ஆகியிருக்கிறது. சி.டி. படத்தின் முதல் ஸ்லைஸில் `Acquisition Time` 10:17. அந்த கன்சோல் கடிகாரம் 4 நிமிடம் முந்தி ஓடுவதால் சரியான நேரம் 10:13. நர்ஸ் சார்ட்டில் மருந்து செலுத்திய நேரம் 10:41. ஆக, வந்ததிலிருந்து ஸ்கேனுக்கு 21 நிமிடம், மருந்துக்கு 49 நிமிடம். மருந்துக்கான 60 நிமிட இலக்குக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் ட்ரையாஜில் போன அந்த 13 நிமிடம் குரூப்பை மட்டும் பார்த்திருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. ஆய்வுக் கூட்டத்தில் பேச வேண்டியதே அதைத்தான்.

அதனால் ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் "எங்கிருந்து எடுத்தது" என்று ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறேன். ட்ரையாஜ், சி.டி. படம், நர்ஸ் சார்ட், வேறு எதுவும் கிடைக்காவிட்டால் மட்டும் வாட்ஸ்அப். திருத்திய நேரத்துக்குப் பக்கத்தில் மூல நேரமும் அப்படியே இருக்கும். வாரம் ஒருமுறை சி.டி. கன்சோல் கடிகாரத்தை செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்கிறேன்.

வருகையிலிருந்து மருந்துவரை எத்தனை நிமிடம் என்பதை எக்செல் ஃபார்முலாவிலேயே எடுக்கிறேன்: B-யில் வருகை நேரம், D-யில் மருந்து நேரம். இரண்டிலும் தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும். வெறும் நேரம் மட்டும் போட்டால் 23:50-க்கு வந்து 00:35-க்கு மருந்து பெற்றவருக்கு மைனஸில் விடை வரும்.

```
=IF(OR(B2="",D2=""),"",ROUND((D2-B2)*1440,0))
```

நேரம் தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். பூஜ்ஜியம் போட்டால் மாத மீடியன் கெட்டுவிடும்.

இந்த முறைக்கு இன்னும் பிடிபடாத ஒன்று, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம். இந்த மருந்தைப் போடுவதற்கான 4.5 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. "காலையில எழுந்தப்பவே கை வரல" என்று வீட்டார் சொன்னால், எழுந்த நேரத்தை எழுதக்கூடாது, முந்தின இரவு தூங்கப்போன நேரத்தைத்தான் எழுத வேண்டும். எந்த இயந்திரத்திலும் அது பதிவாகாது. அலர்ட் போடுபவர் அப்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு. வார்டிலேயே பக்கவாதம் வந்தவர்களுக்கு வருகை நேரமே பொருந்தாது என்பதால், அவர்களைத் தனி ஷீட்டில் வைத்து, அறிகுறி கண்ட நேரத்திலிருந்து கணக்கிடுகிறேன்.