15 சதவீத வட்டி என்று சொல்லி 32 சதவீதம் வாங்குகிறார்கள்: தவணைக்குப் பொருள் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

அந்தக் கடையிலிருந்து திரும்பி வந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. ஆத்திரம் அடங்கவில்லை. 7,752 ரூபாய். எங்கள் வீட்டில் அது ஒரு மாத மளிகை. யாரும் என் சட்டைப்பையில் கைவிட்டு எடுக்கவில்லை, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்னொருவர் இப்படி மாட்டக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ எல்லாம் தவணைக்குத் தரும் கடை. நடுவில் வங்கியோ நிதி நிறுவனமோ கிடையாது. கடையே கடன் கொடுத்து, மாதாமாதம் ஒரு மஞ்சள் அட்டையில் வரவு வைத்துத் தரும். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும்.

என் மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். பழைய ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் போய்விட்டது, ஒரே நாளில் இரண்டு பாத்திரம் மாவு புளித்து வீணாயிற்று. அந்த அவசரத்தில்தான் போனேன். ஃப்ரிட்ஜ் விலை 48,000. மாதம் 2,600 வீதம் 24 மாதம் என்றார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

அங்கேதான் நம்பினேன். மேனேஜர் எனக்கு டீ வரவழைத்தார். "நீங்களே பாருங்கண்ணே, ஒளிவு மறைவே கிடையாது" என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். 48,000-க்கு வருஷம் 15 சதவீதம், 7,200. இரண்டு வருஷத்துக்கு 14,400. அசலோடு சேர்த்தால் 62,400. அதை 24-ஆல் வகுத்தால் 2,600. "உங்க முன்னாடிதான் போட்டேன். வங்கியில கூட இதே வட்டிதான்" என்றார். நானும் தலையாட்டினேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் எதிலும் தப்பில்லையே. முதல் தவணை 2,600-ஐயும் ஃபைல் சார்ஜ் என்று 1,200-ஐயும் அப்போதே கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

மூன்று தவணை ஒழுங்காகப் போயிற்று. இன்று மதியம் சாப்பிடும்போது, கூட வேலை பார்க்கும் அண்ணன் தன் வங்கிக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு லட்சம், 15 சதவீதம், 24 மாதம், தவணை 4,849 என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கடன் அவருடையதில் பாதிகூட இல்லை. அதே 15 சதவீதம், அதே 24 மாதம். அப்படியானால் என் தவணை 4,849-இல் பாதியைவிடக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? கணக்குப் போட்டால் 2,327 வருகிறது. நான் கட்டுவது 2,600. மாதம் 273 அதிகம், 24 மாதத்துக்கு 6,552. ஃபைல் சார்ஜ் 1,200-ஐச் சேர்த்தால் 7,752.

தப்பு எங்கே என்று அந்த அண்ணன்தான் மஞ்சள் அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினார். கடைக்காரர் கணக்குப்படி ஒவ்வொரு மாதமும் 2,000 அசலில் கழிகிறது, 600 வட்டிக்குப் போகிறது. முதல் மாதம் 48,000 பாக்கி இருக்கும்போது 600 வட்டி, சரி. கடைசி மாதம் என் பாக்கி வெறும் 2,000 ரூபாய். அதற்கும் 600 வட்டி! ஒரே மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது. நான் திருப்பிக் கட்டிவிட்ட பணத்துக்கும் கடைசி நாள்வரை வட்டி கட்டுகிறேன். வங்கியில் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி. அதனால் இரண்டு இடத்திலும் "15" என்று சொன்னாலும் இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் உண்மையான வட்டி எவ்வளவு? விலை, தவணை, மாதம் இந்த மூன்றும் தெரிந்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். முதலில் கடையில் நின்றபடியே போடக்கூடிய தோராயக் கணக்கு. மாதம் 2,000 வீதம் அசல் குறைந்தால் முதல் மாதம் 48,000 பாக்கி, கடைசி மாதம் 2,000 பாக்கி, சராசரி 25,000. இரண்டு வருஷமும் என் கையில் சராசரியாக இருந்த கடன் அவ்வளவுதான். அதற்கு நான் வருஷத்துக்குக் கொடுக்கும் வட்டி 7,200. 7,200-ஐ 25,000-ஆல் வகுத்தால் 28.8 சதவீதம். இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஏனென்றால் உண்மையான வட்டியைப் பாக்கியின் மேல் போட்டால், ஆரம்ப மாதங்களில் தவணையில் பெரும்பங்கு வட்டிக்கே போய், அசல் மெதுவாகத்தான் குறையும். ஆனால் 15-க்குக் கிட்டேயே வராது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

துல்லியமாக வேண்டுமென்றால் ஊகித்துச் சரிபார்க்க வேண்டும். இதற்கு நேர்ச் சூத்திரம் கிடையாது. மாதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48,000-க்கு முதல் மாத வட்டி 960. 2,600 கட்டினால் மீதி 1,640 அசலில் கழியும், பாக்கி 46,360. அடுத்த மாதம் அதற்கு 2 சதவீதம் 927, பாக்கி 44,687. இப்படியே 24 மாதம் நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். வட்டியைச் சரியாக ஊகித்திருந்தால் கடைசியில் பூஜ்யம் வரும். 2 சதவீதத்தில் போட்டபோது, கடன் முடிந்தும் நான் 1,892 ரூபாய் கூடுதலாகக் கட்டியதாக வந்தது. அதாவது அவர்கள் வாங்கும் வட்டி 2-ஐவிட அதிகம். 2.25-இல் போட்டபோது இன்னும் 322 ரூபாய் பாக்கி நின்றது. அப்படியானால் அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் 1,892, இன்னொரு பக்கம் 322 என்பதால் விடை 2.25-க்குப் பக்கத்தில்தான், சுமார் 2.21. பன்னிரண்டால் பெருக்கினால் வருஷத்துக்கு இருபத்தாறரை சதவீதம்.

கணினியிலோ போனிலோ எக்ஸெல் இருந்தால் இதே வேலை ஒரே வரியில் முடிந்துவிடும்:

```
=RATE(24,-2600,48000)*12
=RATE(23,-2600,44200)*12
```

முதல் வரி 26.58 சதவீதம் காட்டுகிறது. இரண்டாவது வரிதான் என் வயிற்றெரிச்சல். முதல் தவணையும் ஃபைல் சார்ஜும் அன்றைக்கே கட்டிவிட்டேன் இல்லையா? அப்படியானால் கடை எனக்கு உண்மையில் கொடுத்த கடன் 48,000 கிடையாது. 2,600-ஐயும் 1,200-ஐயும் கழித்தால் 44,200-தான். பாக்கித் தவணை 23. அதைப் போட்டால் 32 சதவீதத்தைத் தாண்டுகிறது. "ஒரு மாசத்தை முன்னாடியே கட்டிட்டா உங்களுக்குத்தானே பாரம் குறையும்" என்று மேனேஜர் சொன்னதன் அர்த்தம் இதுதான். தவணைக்கு முன்னால் மைனஸ் போட மறந்தால் எக்ஸெல் பிழை காட்டும். 12-ஆல் பெருக்க மறந்தால் வெறும் 2 என்று காட்டும். அதைப் பார்த்து வட்டி குறைவு என்று ஏமாந்துவிடாதீர்கள், அது ஒரு மாதத்து வட்டி.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு சாயங்காலமே கடைக்குப் போனேன். அன்றைக்கு டீ வரவழைத்த மேனேஜர் இன்று உட்காரக்கூடச் சொல்லவில்லை. தாளைப் பார்க்காமலேயே "அது ஃப்ளாட் ரேட்டு சார், எல்லாக் கடையிலயும் அப்படித்தான்" என்றார். அண்ணே போய் சார் ஆகிவிட்டேன். கடைசிவரை முழுத் தொகைக்கும் வட்டி போடுவதைத்தான் ஃப்ளாட் என்கிறார்கள், அந்த வார்த்தையை நான் வாங்கும்போது ஒரு முறைகூடச் சொல்லவில்லையே என்றேன். "கால்குலேட்டர்ல காட்டினேன்ல, கையெழுத்துப் போட்டீங்கல்ல" என்றார். வட்டி எத்தனை என்று அட்டையில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா பாருங்கள் என்று நீட்டினேன். 48,000, 2,600, 24 என்ற மூன்று எண்கள்தான் இருக்கின்றன. முதலாளியிடம் பேச வேண்டும் என்றதற்கு வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். ஃப்ரிட்ஜ் பற்றி என்று சொன்னதும் "மேனேஜர்கிட்டயே பேசிக்கங்க" என்று வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை. 7,752 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அந்த நிதானம் இல்லை, சட்டென்று தோன்றுவதைச் சொல்கிறேன். "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்காதீர்கள், "குறையும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கா" என்று கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று முதலில் கேட்டு, கணக்கில் அந்த விலையைப் போடுங்கள். நான் கேட்கவில்லை. தவணை விலையிலேயே ஏற்றி வைத்திருந்தால் என்னுடைய 32-ம் குறைவான கணக்குதான். முன்பணம், ஃபைல் சார்ஜ் எல்லாவற்றையும் கடனிலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள். கடன் கொடுப்பது வங்கியோ நிதி நிறுவனமோ என்றால், 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதில் கட்டணங்களையும் சேர்த்த வருடாந்திர விகிதம் இருக்கும், அதைப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். என் கடையைப் போல வெறும் அட்டை என்றால் நீங்களேதான் கணக்குப் போட வேண்டும்.

நான் நாளைக்கு 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடப் போகிறேன். அட்டையின் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துவிட்டேன். ஐந்தாம் தேதி நான்காவது தவணை. கட்டாவிட்டால் ஆள் அனுப்பி ஃப்ரிட்ஜைத் தூக்கிவிடுவார்களோ என்று மனைவி பயப்படுகிறாள், உள்ளே நாளைக்கு விற்க வேண்டிய மாவு இருக்கிறது. இதே மாதிரிக் கடையில் புகார் கொடுத்து வட்டியைக் குறைக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே போனீர்கள், என்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.