பம்ப் பாட்டில் மாய்ஸ்சரைசர், ஆறு மாதம் கழித்து: அந்தத் திரி விவகாரம்

முகத்துக்கு முதல் மாய்ஸ்சரைசராக இதை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஆறு மாதமாக இதைப் போட்டுவருபவர் 43 வயதுக்காரர், சோப்பைத் தவிர முகத்தில் எதையும் போட்டுப் பழகாதவர். குளித்துத் துடைத்த பத்தாவது நிமிடம் கன்னம் இழுத்துப் பிடிக்கும். தாடையோரம் வெள்ளையாகச் செதில் கிளம்பும். இருபது வருடக் கதை.

கிளிசரின், செராமைடு, டைமெத்திகோன் மூன்றும் உள்ள, வாசனை சேர்க்காத லோஷன் இது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், டைமெத்திகோன் என்ற சிலிகோன் அந்த ஈரம் ஆவியாகாமல் மேலே மூடும். லோஷன் சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடுப்பெல்லாம் நடுவில் வந்த ஒரு கோளாறால்தான்.

முதல் வாரம் மனிதர் நாலு அழுத்து அழுத்தி, உலர்ந்த முகத்தில் பரபரவென்று தேய்த்தார், உடனே மேலே சன்ஸ்கிரீன். இரண்டு நிமிடத்தில் கன்னத்திலிருந்து வெள்ளைத் துணுக்குகள் உதிர ஆரம்பித்தன. தோல் இன்னும் உரிகிறது, இன்னும் கொஞ்சம் போடுவோம் என்று மறுபடி ஒரு அழுத்து. உதிர்வது இரட்டிப்பானது. லோஷன் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, பாட்டிலை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்.

உதிர்ந்தது தோலே இல்லை, லோஷன். குளிக்கும்போது கையைத் தேய்த்தால் அழுக்கு திரிதிரியாக உருளுமே, அதே மாதிரி. லோஷனைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கார்போமர் போன்றவையும் சிலிகோனும் காய்ந்து மெல்லிய படலமாகும். அது படிவதற்குள் மேலே இன்னொன்றைப் போட்டுத் தேய்த்தால் படலம் பிய்ந்து உருளும். அளவு கூடக்கூடத் திரியும் கூடும். வியர்வையின் உப்பு கார்போமர் கூழை உடைக்கும் என்பதால் வியர்த்த முகத்தில் இன்னும் மோசம்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். தோல் செதில் தட்டையாக, ஓரம் தூக்கிக்கொண்டு, எதுவும் போடுவதற்கு முன்பே கண்ணாடியில் தெரியும். திரி தேய்த்த பிறகுதான் வரும், மெத்தென்று நீளவாக்கில் இருக்கும், நசுக்கினால் விரலில் பிசுபிசுக்கும்.

விஷயம் புரிந்து பாட்டில் முன்வரிசைக்குத் திரும்பியதும் முறையை மாற்றினார். முகத்துக்கு சோப்பை நிறுத்திவிட்டு, நுரை குறைவான மென்மையான ஃபேஸ்வாஷ். சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலின் மேற்பரப்போ லேசான அமிலத்தன்மை கொண்டது. தினம் இரண்டு வேளை சோப்பு போட்டுக்கொண்டே லோஷனைத் திட்டுவதில் நியாயமில்லை. வெந்நீரும் வெதுவெதுப்புக்கு இறங்கியது. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரப்பிசுக்கு இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஒரே ஒரு அழுத்து. நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்து, தேய்க்காமல் பரப்பி அழுத்திவிட வேண்டும். சன்ஸ்கிரீன் பத்து நிமிடம் கழித்து, அதுவும் தட்டித்தான்.

திரி அன்றே நின்றது. இழுப்பு மூன்றாம் நாள் போனது. தாடையோரச் செதில் அடங்க மூன்று வாரம் பிடித்தது, மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும். ஷேவ் செய்த உடனே போட்டால் சுருக்கென்று எரிந்தது, அதுவும் செதில் அடங்கியதோடு நின்றுபோனது.

மூக்கோர மடிப்பிலும் புருவத்திலும் மட்டும் அசையவில்லை. அங்கே செதில் மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, கீழே தோல் சிவந்து இருந்தது. வெறும் வறட்சி அப்படி இருக்காது. தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சையோடு தொடர்புள்ள செபோரிக் டெர்மடைடிஸ் என்ற அழற்சி இது என்று தோல் மருத்துவர் சொல்லி, பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் கிரீம் தந்தார். அதற்கு முன் அந்த இடத்தில் இவராகவே தேங்காயெண்ணெய், ஆலிவ் எண்ணெய் என்று தடவிப் பார்த்திருந்தார், அது வேண்டாத வேலை. அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு.

என்ன கடுப்பு என்றால், இவ்வளவு திரி வரும் லோஷனின் பாட்டிலில் 'தாராளமாகத் தடவவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். 'ஈர முகத்தில் ஒரு அழுத்து' என்று போட்டிருந்தால் பாட்டில் பின்வரிசைக்கே போயிருக்காது. பம்புக் குழாயும் அடிவரை எட்டவில்லை. காற்று மட்டும் வர ஆரம்பித்த பிறகு பாட்டிலைக் குறுக்கே வெட்டினால், பத்து நாளுக்கான லோஷன் சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது.

முதல் மாய்ஸ்சரைசராக இதைச் சொல்ல மாட்டேன். பொறுமையில்லாத ஆளுக்கு டியூபில் வரும் சாதாரண கிரீம் போதும். அந்த 43 வயதுக்காரரோ மூன்றாவது பாட்டிலில் இருக்கிறார்.