சாட் ஸ்கிரீன்ஷாட்டை எழுத்தாக்க: ஓசிஆரா, கையால் தட்டச்சா?

படத்திலிருக்கும் எழுத்தைத் தானாகப் படித்தெடுக்கும் ஓசிஆர் வேகமானது, எழுத்துகளையும் பெரும்பாலும் சரியாகவே எடுத்துவிடும். ஆனால் யார் சொன்னது என்பது அதற்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் இருவர் மட்டும் பேசும்போது அனுப்பியவரை முக்கியமாகக் காட்டுவது செய்திக் குமிழ் நிற்கும் பக்கம்: வலப்பக்கம் நாம், இடப்பக்கம் எதிராளி. வெறும் எழுத்தாக மாறியதும் அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஓசிஆர் தந்த ஒரு துண்டு:

```
பஸ் எப்போ?
6:10 5:42
சரி 5:43
வந்துடுறேன் 5:43
```

இதில் 6:10 என்பது பதில், 5:42 அனுப்பிய நேரம். கேள்விக்குரிய மங்கலான 5:41 விடுபட்டதால், இரண்டு பேர் பேசியது ஒரே செய்தியாகிவிட்டது.

கையால் அடித்தால் குமிழுக்கு ஒரு வரி:

```
[5:41] நான்: பஸ் எப்போ?
[5:42] அக்கா: 6:10
[5:43] நான்: சரி
[5:43] நான்: வந்துடுறேன்
```

கடைசி இரண்டும் ஒரே ஆள், ஒரே நிமிடம். ஆனாலும் சேர்க்கக் கூடாது. குமிழுக்குள் மேற்கோளாக வரும் பழைய செய்தியைத் தனி வரியாக்காமல் 'மேற்கோள்' என்று குறிக்க வேண்டும். ஓசிஆர் இங்கேயும் தடுமாறும்.

நீளமான உரையாடல் என்றால் ஓசிஆரில் எடுத்து, படத்தைப் பார்த்துப் பெயர் போடுவேன். பிறகு குமிழ்களையும் வரிகளையும் எண்ணிப் பார்ப்பேன். எண்ணிக்கை இடித்தால் எங்கோ ஒட்டியிருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. ஒரே திரை அளவு என்றால் நேராகக் கையால்தான்.