‘பழைய வெர்ஷன், அப்டேட் பண்ணுங்க’ என்று சொன்ன மீட்டிங் லிங்க்: ரூ. 48,000 போனது

திருப்பூரில் சின்னதாக பனியன் யூனிட் நடத்துகிறேன். போன மாதம் மெயிலில் ஒரு விசாரணை வந்தது. வெளிநாட்டு பையர், 6,000 டி-ஷர்ட், ஜிஎஸ்எம், கலர், சைஸ் எல்லாம் சரியாகக் கேட்டிருந்தார்கள். மூன்று நாள் மெயிலில் பேசிய பிறகு, ‘நாளை மாலை 4 மணிக்கு ஜூமில் பேசலாம்’ என்று லிங்க் அனுப்பினார்கள். ஆர்டர் கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது எனக்கு.

லிங்க்கைத் தொட்டதும் பிரௌசரில் ஜூம் மாதிரியே ஒரு பக்கம் திறந்தது. உள்ளே இரண்டு பேர் காத்திருப்பதாகக் காட்டியது. உடனே ஒரு பெட்டி: உங்கள் ஆப் பழைய வெர்ஷன், அப்டேட் செய்தால்தான் சேர முடியும். நான் நம்பினேன். என் கம்ப்யூட்டரில் இருந்த ஜூம் உண்மையிலேயே பழையது. மாதக்கணக்கில் ‘அப்டேட் பண்ணு’ என்று கேட்டதையெல்லாம் ‘அப்புறம்’ என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். அந்தப் பொய் என்னிடம் எடுபட்டதற்கு இதுதான் காரணம்.

டவுன்லோட் ஆன ஃபைலைத் திறந்தேன். விண்டோஸ் அனுமதி கேட்டது, ‘Yes’ கொடுத்தேன். ஒன்றுமே திறக்கவில்லை. ‘நெட்வொர்க் சரியில்லை, நாளைக்கு வைத்துக்கொள்வோம்’ என்று மெயில் வந்தது. கம்ப்யூட்டரை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே இறங்கியிருந்தது தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்குகிற ரிமோட் சாஃப்ட்வேர். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு பிரௌசரில் சேமித்திருந்தது. எங்கள் வங்கி ஓடிபி மெயிலுக்கும் வரும். அந்த மெயிலும் அதே கம்ப்யூட்டரில் திறந்தே இருந்தது. இரவு 2 மணிக்கு ரூ. 48,000 போயிருக்கிறது. காலையில் மெசேஜ் பார்த்து 1930-க்கு அழைத்தேன், cybercrime.gov.in-இல் புகார் பதிந்தேன். அதற்குள் பணம் வேறு கணக்குகளுக்குக் கை மாறிவிட்டது. இன்னும் திரும்ப வரவில்லை. இரவே அழைத்திருந்தால் நடுவில் நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும்.

பிறகுதான் அந்த லிங்க்கை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். யாரும் தவறித் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தளப் பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் `.example` என்று மாற்றித் தருகிறேன்:

```
போலி:  https://zoom.us-join.example/j/84512...
நிஜம்:  https://us02web.zoom.us/j/84512...
```

இரண்டிலும் ‘zoom.us’ தெரிகிறது. அதனால் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடினால் ஏமாந்துதான் போவோம். `https://`-க்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். நிஜ லிங்க்கில் சாய்கோட்டை ஒட்டி `zoom.us` இருக்கிறது. போலியில் அந்த இடத்தில் இருப்பது `us-join.example`. அதுதான் தளத்தின் சொந்தக்காரர் பதிவு செய்த பெயர். அதற்கு முன்னால் ‘zoom.’ என்று யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். சில கம்பெனிகளின் லிங்க் அவர்கள் பெயரில் தொடங்கும். அதிலும் சாய்கோட்டுக்கு முன்னால் `.zoom.us` என்று புள்ளியோடு முடிய வேண்டும். மெயிலில் தெரிகிற எழுத்து ஒன்றாகவும் உள்ளே இருக்கும் முகவரி வேறாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் மவுஸை லிங்க் மேல் வைத்தால் உள்முகவரி தெரியும், போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும்.

இப்போது நான் லிங்க்கைத் தொடுவதே இல்லை. ‘மீட்டிங் ஐடியும் பாஸ்கோடும் மட்டும் அனுப்புங்க’ என்று கேட்டு, ஆப்பை நானே திறந்து ‘Join’-இல் டைப் செய்கிறேன். நிஜமான பையர் இதற்குத் தயங்க மாட்டார்.

அப்டேட்டும் அப்படியே. ஜூம் கம்பெனியே அவ்வப்போது மிகப் பழைய வெர்ஷன்களை நிறுத்துவது உண்மை. ஆனால் அதற்கான வேலை ஆப்புக்குள்ளேயே முடிந்துவிடும்: மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு ‘Check for Updates’. போனில் என்றால் பிளே ஸ்டோர். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் இதைப் பார்த்து முடித்துவிடுகிறேன். அதன்பின் எந்த வெப் பக்கம் ‘உன் வெர்ஷன் பழையது’ என்றாலும் அது பொய் என்று எனக்கே தெரியும். பாதுகாப்புக்கும் இது தேவை: 2025 ஆகஸ்டில் விண்டோஸ் ஜூமில் 6.3.10-க்கு முந்தைய வெர்ஷன்களில் ஒரு கடுமையான ஓட்டை இருப்பதை அந்தக் கம்பெனியே அறிவித்தது.

லிங்க் நிஜமாக இருந்தாலும் உள்ளே இருப்பவர் திருடராக இருக்கலாம், இதையும் மறக்காதீர்கள். தன் பெயரை ‘Zoom’ என்று மாற்றி வைத்துக்கொண்டு, உங்கள் திரையை இயக்க அனுமதி கேட்பார்கள். ஜூமே கேட்கிற மாதிரி தெரியும். மறுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

தெரியாமல் ஃபைலைத் திறந்துவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறு ஒரு போனில் மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், மெயிலில் எல்லா இடங்களிலிருந்தும் லாக்-அவுட் கொடுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 1930. அந்தக் கம்ப்யூட்டரை விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகுதான் நான் மறுபடி தொட்டேன்.