பழைய பதிவில் சத்தமில்லாமல் விலையை மாற்றும் கடைகள்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரர்கள், பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓணத்துக்குத் துணி எடுக்க இங்கே வருபவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் ஒரு துணிக்கடை. இன்ஸ்டாகிராமில் அவர்களுக்குப் பக்கம் உண்டு. செட்டு முண்டு ஒன்று 780 ரூபாய், எல்லா கரையும் உண்டு, ஞாயிறும் திறந்திருக்கும் என்று படங்களோடு ஒரு பதிவு போட்டிருந்தார்கள். எனக்கும் சித்திக்கும் சித்தி மகள்களுக்கும் சேர்த்து ஆறு வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். 'ஓகே சேச்சி, அட்வான்ஸ் 2,000' என்று பதில் வந்தது. ஜிபேயில் போட்டுவிட்டேன். மீதி 2,680 ரூபாயைக் கடையில் கொடுப்பதாகப் பேச்சு.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு பேருமாகப் போனோம். பதிவில் சொன்ன முகவரியில் பூட்டுதான் தொங்கியது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால், வேறு இடத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்லி வழி காட்டினார். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். சரி, கடை மாறுவது நடக்கக்கூடியதுதான் என்று அதை விட்டுவிட்டேன். பில் போடும்போதுதான் பிரச்சினை. ஒன்று 980 என்று கணக்குப் போட்டு, ஆறுக்கு 5,880 என்றார்கள். 1,200 ரூபாய் கூடுதல்.

"780 என்றுதானே போட்டிருந்தீர்கள்?" என்று கேட்டேன். "போஸ்ட் நோக்கூ சேச்சி, 980 தன்னெ" என்று கடைக்காரர் தன் போனையே நீட்டினார். அதே பதிவு, அதே படம், கீழே 980. புதிய முகவரியும் ஏறியிருந்தது. ஒரு நொடி நானே சந்தேகப்பட்டுவிட்டேன், நாம்தான் தப்பாகப் படித்தோமோ என்று.

வெளியே வந்து என் போனில் அந்தப் பதிவை நிதானமாகப் பார்த்தேன். நான் வீட்டிலிருந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், அதற்கென்று ஒரு பக்கமும் நடத்துகிறேன். அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். கமெண்ட் பகுதியைத் திறந்தால் மேலே கடைக்காரர் எழுதிய வாசகம் வரும். அங்கே நேரத்தின் பக்கத்தில் 'Edited' என்று இருந்தது. எதை மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று இன்ஸ்டாகிராம் காட்டாது, திருத்தப்பட்டது என்பதை மட்டும் சொல்லும். பேஸ்புக் பதிவாக இருந்தால் மூன்று புள்ளியை அழுத்தி 'View edit history' போனால் பழைய வாசகமே கிடைத்துவிடும். இங்கே அந்த வசதி இல்லை.

ஆனால் அவர்கள் மாற்றாமல் விட்ட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, படம். போட்ட பிறகு வாசகத்தைத் திருத்தலாம், படத்தில் உள்ளதைத் திருத்த முடியாது. நான்காவது படத்தில் மடித்து அடுக்கிய முண்டுகளின் மேல் ஒரு வெள்ளை அட்டை சாய்த்து வைத்திருந்தது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் 780 என்று எழுதியிருந்தது, பெரிதாக்கினால் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது, கமெண்டுகள். ஒரு பெண் '780க்கு பச்சைக் கரை உண்டா' என்று கேட்டிருந்தார், கடையே 'உண்டு' என்று பதில் போட்டிருந்தது. பதிலும் கேள்வியும் அப்படியே கிடந்தன.

இவற்றையெல்லாம் விட எங்களைக் காப்பாற்றியது சித்தியின் வாட்ஸ்அப். கரை நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லி அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன். வெறும் லிங்க்கை அனுப்பியிருந்தால் அதைத் திறந்தாலும் இப்போது 980 தான் வந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் 780 இருந்தது, அனுப்பிய தேதியும் இருந்தது, அது நான் முன்பணம் போட்டதற்கு முதல் நாள்.

அதைக் காட்டியதும் குரல் இறங்கியது. இரண்டு மட்டும் பழைய விலைக்குத் தருகிறேன் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, அந்தக் கமெண்ட் மூன்றையும் அனுப்பி, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று எழுதினேன். மூன்றாம் நாள் 2,000 ரூபாய் வந்துவிட்டது. ஓணத்துக்கு முண்டு கிடைக்கவில்லை, சித்தி வெறுங்கையோடுதான் ஊருக்குத் திரும்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே முன்பணம் போடும் முன் வாசகமும் படமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். அப்புறம், விலையைக் கடைக்காரரே செய்தியில் எழுதும்படி கேளுங்கள்: 'ஆறு செட்டு முண்டு, ஒன்று 780, மொத்தம் 4,680, சரியா?' என்று. நான் அதைக் கேட்காமல் விட்டதுதான் அவர்களுக்கு வழியாகிவிட்டது.

பக்கம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை ஏறுவது தப்பில்லை, நூல் விலை ஏறினால் நானும் ஏற்றத்தான் செய்வேன். ஆனால் திருத்துவதை யாருக்கும் இன்ஸ்டாகிராம் அறிவிக்காது. லைக் போட்டவர், சேமித்து வைத்தவர் யாருக்கும் செய்தி போகாது, பதிவு மேலேயும் ஏறி வராது. பழைய விலையை நம்பி ஒருவர் பஸ் ஏறிக்கொண்டிருப்பார். அதனால் கடை திறக்கும் நேரம் மட்டும் மாறினால் பழைய பதிவில் திருத்தினால் போதும், ஆனால் முதல் வரியிலேயே தேதியோடு எழுத வேண்டும். வாசகம் நீளமானால் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி 'more' என்பதற்குள் போய்விடும். கடைசி வரியில் ஞாயிறு விடுமுறை என்று சேர்த்தால் யார் பார்ப்பார்கள்?

விலையோ முகவரியோ மாறினால் புதிய பதிவுதான் போட வேண்டும். அதிலும் பழைய விலை படத்திலோ ரீல்ஸுக்குள் எழுத்தாகவோ இருந்தால் திருத்தி ஒன்றும் ஆகாது, கீழே ஒரு விலை, படத்தில் ஒரு விலை என்று குழப்பம்தான் மிஞ்சும். பழைய பதிவை அழிக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்க் செத்துவிடும், வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளும் போய்விடும். பழைய விலையை மாற்றாமல் விட்டு, அதற்கு மேலே ஒரு வரி போட்டால் போதும்.

இது நடந்த பிறகு என் பக்கத்தில் லைனிங் ரவிக்கைக் கூலியை 350லிருந்து 400 ஆக்கினேன். புதிய பதிவு போட்டு, பக்கத்தின் மேலே பின் செய்தேன். பழைய பதிவின் முதல் வரியில் இப்படி எழுதினேன்: 'இது பழைய கூலி. செப்டம்பர் 15 முதல் 400. புதிய பதிவு மேலே.' அதற்கு முன் துணி கொடுத்திருந்த ஏழு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன், உங்களுக்கு 350 தான் என்று.